ஒரே பனியன் கம்பெனியில் ஐந்து வருஷம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மாதத்தோடு திருப்பூரில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐந்து வருஷம் முடிகிறது. அதைச் சொன்னால் வாழ்த்துக்குப் பின்னால் உடனே ஒரு கேள்வி வருகிறது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள், வேலை தேடும் கல்லூரித் தம்பிகள், பக்கத்து சீட்டுக்காரர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கம்பெனியின் பெயர் இதில் வராது. அவர்களுக்கு விளம்பரமும் வேண்டாம், எனக்குத் தலைவலியும் வேண்டாம்.

மெர்ச்சன்டைசர்னா என்ன கண்ணு, கடையில துணி விக்கறதா?

இல்லைங்க பெரியம்மா. வெளிநாட்டு பையர் ஒரு டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தால், அந்த ஆர்டர் கப்பல் ஏறும் வரை அதன் பின்னாலேயே ஓடுகிற ஆள்தான் மெர்ச்சன்டைசர். நூல் வாங்குவது, நிட்டிங், சாயம் போடுவது, சாயம் போட்ட துணியை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாமே வேறு வேறு ஆட்கள் செய்கிற வேலை. திருப்பூரில் பாதி வேலை வேறு வேறு கட்டடங்களில், ஜாப் ஒர்க்காக நடக்கும். எது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு பையருக்குப் பதில் சொல்வது என் பாடு.

நான் ஒரு தையல்கூடப் போடுவதில்லை. போனும் எக்செல் ஷீட்டும்தான் என் மெஷின்.

அஞ்சு வருசமா அதே டி-ஷர்ட்தானே, சலிக்கலையா?

சலித்திருக்கிறது. குறிப்பாக லேப் டிப் காலத்தில். பையர் கேட்ட கலரைச் சாயப்பட்டறை ஒரு சின்னத் துண்டில் போட்டுக் காட்டும், பையர் ‘கொஞ்சம் சிவப்பு அதிகம்’ என்பார், மறுபடி போடுவார்கள், ‘இப்போது மங்கல்’ என்பார். கடல்நீல நிறத்தில் இத்தனை வகை இருப்பது இந்த வேலைக்கு வரும் வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படி என்னதான் கத்துக்கிட்டீங்க அண்ணா? ஒண்ணு சொல்லுங்க.

ஒன்றே ஒன்று என்றால் துணியின் எடையைச் சொல்வேன். பின்னலாடைத் துணியை மீட்டர் கணக்கில் நாங்கள் வாங்குவதில்லை, கிலோ கணக்கில்தான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம்: 20,000 டி-ஷர்ட், 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. பாடி நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 12, ஆக 106. மார்பின் பாதிச் சுற்றளவு 54, அதற்கு 4 சேர்த்து 58. முன், பின் என்று இரண்டு பக்கம். 106, 58, 2 மூன்றையும் பெருக்கினால் சுமார் 1.23 சதுர மீட்டர் வரும். அதை 160ஆல் பெருக்கினால் ஒரு பீஸுக்கு 197 கிராம். வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 216 கிராம். ஆக, 20,000 பீஸுக்கு ஏறக்குறைய 4,330 கிலோ துணி. இந்தக் கணக்கை வைத்துத்தான் நூல் வாங்குகிறோம், விலையும் சொல்கிறோம்.

இனிமேல்தான் சிக்கல். பையரின் அனுமதி பெரும்பாலும் கூடக்குறைய 5 சதவீதம், அதாவது 152 முதல் 168 வரை. துணி 168ல் வந்து சேர்கிறது என்று வையுங்கள். தரப் பரிசோதனையில் பாஸ். எல்லாரும் சந்தோஷம். ஆனால் இப்போது ஒரு பீஸுக்கு 227 கிராம் போகிறது, கையில் இருப்பதோ அதே 4,330 கிலோ. வெட்டி முடிக்கும்போது சுமார் 19,050 பீஸ்தான் தேறும். 950 பீஸ் குறைகிறது. 3 சதவீதம் வரை குறையலாம் என்று ஆர்டரில் இருந்தால் 600 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் முடியாது. மீதிக்காகப் புதிதாக நூல் வாங்கி, ஓட்டி, சாயம் போட்டால் அந்தச் சின்ன லாட்டின் கலர் முதல் லாட்டோடு ஒட்டாது. ‘பாஸ்’ என்று எழுதியிருக்கிற ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஜிஎஸ்எம் எத்தனை என்று கேட்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தன்னாலேயே வருகிறது.

ஜிஎஸ்எம் கூடிப்போச்சுன்னா காம்பாக்டிங்ல கொஞ்சம் இழுத்து விடச் சொன்னா சரியாயிடுமே?

இதைக் கேட்பவர் பாதி வேலை தெரிந்தவர். சரியாகும், அன்றைக்கு மட்டும். பின்னல் துணி ரப்பர் மாதிரி, இழுத்தால் நீளும், எடையும் குறையும். ஆனால் துணி மறப்பதில்லை. வாங்கியவர் வீட்டில் முதல் தடவை துவைத்ததும் பழைய நிலைக்குச் சுருங்கும். பல பையர்கள் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்தால் தெரிந்துவிடும். 47 வந்தால் 6 சதவீதம் போய்விட்டது, துணி நிற்காது.

அதனால் ஜிஎஸ்எம் மட்டும் சரி என்று யாராவது சொன்னால் அது பாதிச் செய்திதான். எடையும் சுருக்கமும் ஒரே ரோலில் ஒன்றாகச் சரியாக இருக்க வேண்டும். எடை தப்பியிருந்தால் எங்கே தப்பியது என்று பார்க்க வேண்டும். சாயத்துக்குப் போகும் முன்பு எடுத்த நிட்டிங் துணியில் லூப் லென்த், அதாவது ஒரு பின்னல் கண்ணிக்குப் போகும் நூலின் நீளம், சொன்னபடி இருந்தால் நிட்டிங்காரரைக் குறை சொல்ல முடியாது, பிரச்சினை அதற்குப் பின்னால் இருக்கிறது. லூப்பே சின்னதாக இருந்தால் காம்பாக்டிங்கில் என்ன வித்தை செய்தாலும் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும்.

இதெல்லாம் ஒரு மாசத்துல சொல்லிக் குடுத்துடலாமே, எதுக்கு அஞ்சு வருசம்?

கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும். மேலே எழுதியதே அவ்வளவுதான். ஆனால் சாம்பிள் துணி 160ல் வந்துவிடும், தயாரிப்பு லாட் 168ல் வரும். எந்த நூலில், எந்தக் கலரில், எந்தப் பட்டறையில் அப்படி வரும் என்பது ஒரே ஸ்டைல் திரும்பத் திரும்ப வரும்போதுதான் பிடிபடும். அடர் நிறங்களுக்கு வெள்ளையைவிடச் சாயத்தில் அதிக நேரம் ஆகிறது. அதனால் ஒரே நிட்டிங் துணியை வெள்ளையாகவும் கறுப்பாகவும் அனுப்பினால் ஒரே எடையில் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஒரு வருஷத்தில் கம்பெனி மாறுகிறவருக்கு, தான் எடுத்த முடிவு அடுத்த சீசனில் என்ன ஆனது என்று தெரியாது. ரிப்பீட் ஆர்டர் வரும்போது பழைய ஃபைலைத் திறந்தால் என் கையெழுத்தே இருக்கும். ‘அவர் போட்டுவிட்டுப் போயிட்டார்’ என்று சொல்ல ஆளில்லை. இங்கேயே இருந்ததில் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம் இதுதான். நான் புத்திசாலி என்பதால் வந்தது இல்லை, எழுந்து போகாமல் இருந்ததால் வந்தது.

யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? மேனேஜரா?

பெரும்பாலும் கட்டிங் மாஸ்டரிடம். துணி வந்ததும் அவர் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ரோலின் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி வட்டக் கட்டரை வைத்து அழுத்தி ஒரு திருகு. 100 சதுர செ.மீ. வட்டம் கழன்று வரும். சின்னத் தராசில் வைத்தால் 1.60 என்று காட்டும், அதை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஒரே ரோலில் இரண்டு ஓரம், நடு என்று மூன்று இடத்தில் எடுப்பார். ஒரு இடத்தில் எடுத்துவிட்டு ரிப்போர்ட் எழுத வந்த பையனை அவர் பார்த்த பார்வையை இன்றைக்கும் அந்த ஃப்ளோரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ரோலைப் பிரித்து ஒரு நாள் சும்மா போட்டுவைத்த பிறகுதான் லே விரிக்க, அதாவது வெட்டுவதற்கு அடுக்கடுக்காக விரிக்க விடுவார். இறுகச் சுற்றிய துணி தளரட்டும் என்பதற்காக. ஷிப்மென்ட் அவசரத்தில் எங்கள் மாதிரி ஆட்கள் போய் நின்றால், ‘நீங்க தேதியப் பாருங்க, நான் துணியப் பாக்கறேன்’ என்பார். அவசரத்தில் உடனே விரித்து வெட்டிய பீஸ் தைத்து முடிப்பதற்குள் நீளத்தில் குறையும். அளவுச் சோதனையில் அது தெரியும்போது துணியைத் திரும்ப ஒட்ட முடியாது.

நூல் வெல ஏறுனப்ப, அமெரிக்காக்காரன் வரி போட்டப்ப எல்லாம் விட்டுட்டு ஓடிடலாம்னு தோணலையா?

தோன்றியது. 2022ல் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு கண்டி என்பது 356 கிலோ. எங்கள் வேலையில் இது ஏன் கடிக்கிறது என்றால், பையரிடம் பீஸ் விலையை மாதங்களுக்கு முன்பே டாலரில் பேசி முடித்திருப்போம். நூல் விலையோ மாதம் பிறந்தால் மாறும். மேலே சொன்ன 4,330 கிலோ கணக்கில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறினால் இரண்டு லட்சத்துக்கு மேல் அப்படியே போகும், பையர் ஒரு சென்ட்கூடக் கூட்டித் தரமாட்டார். அந்த மே மாதத்தில் ஊரே கடையடைத்துப் போராடியது. நான் அன்றாடம் செய்ததெல்லாம் எந்த ஆர்டருக்கு நூல் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, எதற்கு வாங்கவில்லை என்று பிரித்து வைத்ததுதான். வீரமெல்லாம் இல்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா முதலில் 25 சதவீதம், அதே மாதம் 27ஆம் தேதி முதல் இன்னொரு 25 சதவீதம் என்று கூடுதல் வரி போட்டது வேறு மாதிரி அடி. இங்கே துணி தைத்து முடிந்து பெட்டியில் இருக்கும்போதே ‘கொஞ்சம் நிறுத்திவையுங்கள்’ என்று மெயில் வந்தது. அன்றைக்கு ஓடாததற்குக் காரணம் விசுவாசம் என்று சொல்ல மாட்டேன். ஊர் முழுக்க அதே நிலைமை, எங்கே ஓடுவது?

மாறுனா சம்பளம் கூடும்ல மாப்ள, ஏன் சும்மா இருக்க?

கூடும். இதில் மழுப்ப எதுவும் இல்லை. என்னோடு சேர்ந்து மாறிப் போனவர்கள் என்னைவிட அதிகம் வாங்குகிறார்கள், அவர்கள் எடுத்தது சரியான முடிவுதான். எனக்கு வீடு பக்கம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத சமயத்தில் லீவு கேட்டபோது யாரும் கேள்வி கேட்கவில்லை, எட்டு மணிக்கு மேல் ஷிப்மென்ட் நாள் தவிர உட்கார வைப்பதில்லை. இதற்கெல்லாம் நான் ஒரு விலை போட்டிருக்கிறேன். உங்களுக்கு அந்த விலை சரிப்படாமல் போகலாம்.

பிடிக்காததும் உண்டு. ஒவ்வொரு முறையும் தாமதத்துக்குக் கடைசியாகத் தொட்டவர்தான் காரணம் என்று முடிவாகிவிடும். நூல் பத்து நாள் தாமதம், பழி பேக்கிங்குக்கு. ஐந்து வருஷத்தில் அது மாறவில்லை.

அஞ்சு வருசம் ஆச்சுல்ல, கிராஜுட்டி அக்கவுண்ட்ல விழுந்திருச்சா?

விழாது. ஐந்து வருஷம் முடிந்தால் உரிமை வருகிறது, பணம் வருவது வேலையை விடும்போதோ ஓய்வு பெறும்போதோதான். கணக்கு இது: கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். 20,000 ரூபாய் என்றால் ஐந்து வருஷத்துக்கு சுமார் 57,690. கையில் வாங்கும் மொத்தச் சம்பளத்தை வைத்துப் போட்டால் பெரிய தொகை வந்து ஏமாந்து போவீர்கள், பே ஸ்லிப்பைப் பாருங்கள்.

1972ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷ விதி அப்படியே இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு நேரடியாகச் சேர்க்கப்பட்டவருக்கு ஒரு வருஷமே போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். படிகளைப் பெரிதாக்கி அடிப்படையைச் சின்னதாக வைத்திருந்தால், மொத்தத்தில் பாதியைத் தாண்டுகிற படித்தொகை ஊதியமாகவே கணக்கிடப்படும். ஊழியர் இறந்தாலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ ஐந்து வருஷ நிபந்தனையே கிடையாது. இது பலருக்குத் தெரியாமல், குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

நாலு வருசம் எட்டு மாசம் ஆச்சு, இப்பவே விட்டா கிடைக்குமா அண்ணா?

கிடைக்கலாம். வாரம் ஆறு நாள் வேலை நடக்கிற இடத்தில் ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு வருஷமாகக் கணக்காகும் என்பதை வைத்து, நாலு வருஷம் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998ல் பழைய சட்டத்தின்கீழ் சொல்லியிருக்கிறது. சில நிறுவனங்கள் அதை ஏற்றுக் கொடுக்கின்றன. சில, ஐந்து முழுதாக முடியவில்லை என்று கையை விரித்துவிடும், அப்புறம் தொழிலாளர் துறையில் மனு போட்டு அலைய வேண்டும். நல்ல வேலை காத்திருக்கவில்லை என்றால் அந்த நாலு மாதத்தை முடித்துவிட்டே போங்கள், தம்பி. சேர்ந்த தேதி ஆர்டர் லெட்டரில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். முதல் ஆறு மாதம் டிரெய்னி என்று இருந்தால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிஎஃபுக்கும் இந்த அஞ்சு வருசம்தானே?

எண் ஒன்று, கணக்கு வேறு. ஐந்து வருஷத் தொடர் சேவைக்கு முன் பிஎஃப் பணத்தை எடுத்தால் வருமான வரி வரக்கூடும், அதற்குப் பின் எடுத்தால் வராது. கிராஜுட்டி ஒரே முதலாளியிடம் ஐந்து வருஷம் கேட்கும். பிஎஃபில் பழைய கம்பெனிக் கணக்கை மாற்றிக் கொண்டுவந்திருந்தால் அந்த வருஷங்களும் சேரும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷம் வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழிப்பவர்கள் அந்தப் பத்தை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

அப்ப டைலருங்களுக்கும் அஞ்சு வருசம் ஆச்சுன்னா கேக்கு வெட்டுவீங்களா?

இதைக் கேட்டவர் எங்கள் ஃப்ளோரில் கைமடி வேலை பார்க்கும் அக்கா. கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதற்குத்தான் பதில் சொல்லத் திணறினேன். பவர் டேபிள் டைலர் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறார். ஆர்டர் இருக்கும் கம்பெனிக்கு கான்ட்ராக்டர் கூட்டிப்போவார், முடிந்ததும் அடுத்த கம்பெனி. என்னைவிடப் பல வருஷம் அதிகமாக ஓவர்லாக் ஓட்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் எந்த ஒரு கம்பெனியின் பதிவேட்டிலும் அவர்களுக்கு ஐந்து வருஷம் சேர்வதில்லை. மேலே எழுதிய கிராஜுட்டிக் கணக்கு அவர்களுக்குத் தொடங்குவதே இல்லை.

சட்டப்படி பார்த்தால் கான்ட்ராக்டரிடம் தொடர்ச்சியாக இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் கேட்கலாம். ஆதாரம் என்பது பிஎஃப் கணக்கு, வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு. வாரக் கூலியைச் சனிக்கிழமை கையில் வாங்குபவரிடம் அதில் எது இருக்கும்? குறைந்தபட்சம் பிஎஃப் எண்ணை அவர்களே கையில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் புது எண் போட விடக்கூடாது. அந்த அக்காவுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மாதச் சம்பளக்காரனுக்கு ‘ஐந்து வருஷம்’ என்பது சும்மா இருந்தாலே வந்துவிடுகிறது, அதனால் இந்தத் தேதியைப் பெரிதாகக் கொண்டாட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேக் வேண்டாம் என்று எச்.ஆரிடம் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் டீயும் வடையும் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பதிவேடு தேவையில்லை.

அடுத்து என்ன, மேனேஜரா?

கேட்டுப் பார்த்தார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறேன். அதற்குப் பதில் சாயப்பட்டறையில் கொஞ்ச நாள் உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன். லாட்டுக்கு லாட் கலர் ஏன் மாறுகிறது என்று எனக்கு இன்னும் பிறர் சொல்லித்தான் தெரிகிறது. தண்ணீரா, சாயத்தின் பேட்சா, மெஷினில் ஏற்றிய எடையா என்று நேரில் பார்த்தால், லேப் டிப்புக்குப் பையர் ‘கொஞ்சம் சிவப்பு அதிகம்’ என்னும்போது பட்டறைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரியும். சீசன் குறையும் மாதத்தில் போகச் சொல்லியிருக்கிறார்கள்.